இரண்டு கோடுகளில் மக்கள்தொகைப் பாடம்

பிளஸ் டூ மாணவர்களிடம் மக்கள்தொகைப் பாடத்தைச் சுருக்கி ஒரு சார்ட்டாகப் போட்டு வரச் சொன்னால், பெரும்பாலும் ஒரே கோடுதான் வரும். இன்றைய இந்திய எல்லைக்குள் 1901-இல் சுமார் 24 கோடி, 2011-இல் 121 கோடி என்று அது ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் காரணங்கள்: வறுமை, கல்வியின்மை, இளவயதுத் திருமணம்.

நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன். இந்தக் காரணங்கள் எல்லாம் 1911-லும் இருந்தனவே, இன்னும் அதிகமாகவே இருந்தனவே. பிறகு ஏன் 1911-க்கும் 1921-க்கும் இடையில் மக்கள்தொகை 25.2 கோடியிலிருந்து 25.1 கோடியாகக் குறைந்தது? ஒற்றைக் கோட்டில் இதற்குப் பதில் இல்லை. பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று என இரண்டு கோடுகள் வேண்டும். அவற்றுக்கு நடுவே விழும் இடைவெளிதான் வளர்ச்சி. காரணத்தையும் மொத்தமாக எழுதாமல், எந்தக் கோட்டை அது அசைத்ததோ அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற கணக்கில் சார்ட் இப்படி அமையும்:

| ஆண்டு | பிறப்பு | இறப்பு | இடைவெளி | அசைத்த காரணம் |
|---|---|---|---|---|
| 1921 | 48.1 | 47.2 | 0.9 | இறப்பு: இன்ஃப்ளூயன்சா, பஞ்சம் |
| 1951 | 39.9 | 27.4 | 12.5 | இறப்பு: கொள்ளைநோய் தணிந்தது |
| 1971 | 41.2 | 19.0 | 22.2 | இறப்பு: மலேரியா ஒழிப்பு, மருந்துகள் |
| 1981 | 37.2 | 15.0 | 22.2 | இரண்டும் சேர்ந்து இறங்கின |
| 2011 | 21.8 | 7.1 | 14.7 | பிறப்பு: சிறிய குடும்பம் |

முதல் நான்கு வரிசைகள் அந்தந்த ஆண்டுக்கு முந்தைய பத்தாண்டின் சராசரி. கடைசி வரிசை அந்த ஓர் ஆண்டுக்கு உரியது.

முதல் வரிசையில் பிறப்பும் இறப்பும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த இன்ஃப்ளூயன்சா, ரயில் பாதைகளோடு நாடெங்கும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகு மக்கள்தொகை எந்தப் பத்தாண்டிலும் குறையவில்லை. அதனால்தான் 1921-ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்கிறார்கள். 1943-இல் வங்கப் பஞ்சம் சுமார் முப்பது லட்சம் பேரைப் பலிகொண்டது. அப்போதும் நாட்டு அளவில் இறப்புக் கோடு மேலே திரும்பவில்லை.

பலர் தவறுவது 1951-க்கும் 1971-க்கும் இடையில். 'மக்கள்தொகை வெடிப்பு' என்ற சொல்லைக் கேட்டதும், பிறப்பு திடீரென்று கூடிவிட்டதாக எழுதிவிடுவார்கள். 39.9 என்பது 41.2 ஆனதைச் சான்றாகக் காட்டவும் செய்வார்கள். அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு மிகக் குறைவு, இவை மதிப்பீடுகள். அந்தச் சிறு ஏற்றத்தில் எதையும் கட்ட முடியாது. உண்மையில் நகர்ந்தது இறப்புக் கோடு. விடுதலை பெற்ற நேரத்தில் ஆண்டுக்கு 8 லட்சம் பேர் மலேரியாவில் இறந்ததாக மதிப்பிட்டிருந்தார்கள். 1953-இல் வீடு வீடாக டி.டி.டி. தெளிக்கும் திட்டம் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தச் சாவுகள் ஏறக்குறைய நின்றே போயின. மருந்து அடிக்க ஓர் ஆள் வந்தால் போதும், சாவு குறையும். பிறப்பு அப்படிக் குறையாது. பெற்ற பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வர வேண்டும், பெண் சில ஆண்டுகளாவது பள்ளிக்குப் போக வேண்டும், திருமணம் தள்ளிப்போக வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-லேயே வந்தும் பிறப்புக் கோடு தயங்கி நின்றது இதனால்தான்.

நான்காம் வரிசையை நின்று பார்க்க வேண்டும். பிறப்பு 4 இறங்கியது, இறப்பும் 4 இறங்கியது, இடைவெளி அதே 22.2. அந்த எழுபதுகளில்தான் பிறப்பு முதன்முதலாகத் தெளிவாக இறங்கியது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

கடைசி வரிசையில் வேறொரு குழப்பம் வரும். 1961-71-இல் வளர்ச்சி 24.8 சதவீதம், கூடியவர்கள் சுமார் 11 கோடி. 2001-11-இல் வளர்ச்சி 17.7 சதவீதம்தான், ஆனால் கூடியவர்கள் 18 கோடி. வேகம் குறைந்தும் எண்ணிக்கை ஏன் பெருகியது? முந்தைய பத்தாண்டுகளில் பிழைத்த குழந்தைகள் பெற்றோர் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்றாலும் பெற்றோர் தொகை பெரிது. ஆகவே இந்த வரிசையில் வயது அமைப்பையும் ஒரு காரணமாக எழுதியாக வேண்டும்.

இந்த சார்ட் காட்டுவது நாட்டுச் சராசரியை மட்டுமே. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. ஒரே ஆண்டில் இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு கட்டங்களில் நிற்கின்றன. இடம் இருந்தால் இவ்விரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி சார்ட் போட்டுப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன்.