54-க்குள் ஒளிந்திருந்த 34

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. கடைசியாக ஓர் அம்மா, மகனின் கணக்கு விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். "சார், கிளாஸ் ஆவரேஜ் 54-னு போர்டுல எழுதியிருக்கீங்க. இவன் 34 வாங்கியிருக்கான். கிளாஸ்லயே கடைசி இவன்தானா சார்?"

"இல்லம்மா. உங்க பையன் வகுப்புல நட்ட நடுவுல இருக்கான்" என்றேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். முகத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் நான் சொன்னது கணக்கு.

நான் பாடம் நடத்துவது 10 அ, 10 இ என்ற இரண்டு பிரிவுகளுக்கு. அந்தத் தேர்வில் இரண்டுக்குமே சராசரி 54. மாணவர் எண்ணிக்கையைச் சுருக்கி, பிரிவுக்கு 11 பேர் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண்களைத் தருகிறேன். தாள் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

அ பிரிவு: 44, 47, 48, 50, 52, 54, 55, 57, 59, 62, 66.

இ பிரிவு: 18, 22, 25, 29, 31, 34, 78, 84, 88, 91, 94.

இரண்டையும் கூட்டினால் 594. பதினொன்றால் வகுத்தால் 54. பள்ளிப் பதிவேட்டில் ஏறுவது இந்த ஓர் எண் மட்டும்தான். அதைப் பார்க்கும் யாருக்கும் இரண்டும் ஒரே மாதிரி வகுப்புகள். வகுப்புக்குள் நுழைபவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அ பிரிவில் எல்லாரும் தேறியிருக்கிறார்கள். இ பிரிவில் தேர்ச்சி மதிப்பெண்ணான 35-ஐத் தொடாதவர்கள் ஆறு பேர். 54-க்கு அக்கம்பக்கத்தில்கூட அங்கே ஒருவரும் இல்லை. சராசரி மாணவன் என்று ஒருவனைத் தேடினால் காலி பெஞ்சுதான் கிடைக்கும்.

சராசரி என்ன செய்கிறது? எல்லா மதிப்பெண்ணையும் ஒரே குடத்தில் ஊற்றி, தலைக்கு ஒரு டம்ளர் என்று சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. 94 வாங்கியவனின் மிச்சம் 18 வாங்கியவனின் குறையை நிரப்பிவிடுகிறது. நிஜத்தில் அப்படி யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுப்பதில்லை.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன 'நடு' வேறு அளவு. மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவனின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது. இதற்கு இடைநிலை என்று பெயர். 11 பேரில் ஆறாவது ஆள். (12 பேர் இருந்தால் ஆறாவது, ஏழாவது இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.) அ பிரிவில் ஆறாவது எண் 54. சராசரியும் அதேதான். இ பிரிவில் ஆறாவது எண் 34. அவருடைய மகன்தான் அது. அவனுக்குக் கீழே ஐந்து பேர், மேலே ஐந்து பேர். சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவே 20 மதிப்பெண் இடைவெளி விழுந்தால், ஒரு பக்கம் ஏதோ கனமாக இழுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை மட்டும் எழுதிவிடலாமா? எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. இ பிரிவில் அந்தப் பையன் ஒருவன் மட்டும் 34-க்குப் பதில் 78 வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சராசரி 54-லிருந்து 58-க்கு நகரும். இடைநிலையோ 34-லிருந்து 78-க்கு ஒரே தாவாகத் தாவிவிடும். மற்ற பத்துப் பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வகுப்பு இரண்டு குவியலாகப் பிரிந்து கிடக்கும்போது, நடுவில் நிற்கும் ஓர் ஆளின் தோளில் மொத்த வகுப்பையும் ஏற்றுவது ஆபத்து.

ஆகவே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன? எளிய வழி வீச்சு, அதாவது அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழிப்பது. அ பிரிவில் 22, இ பிரிவில் 76. ஆனால் இது ஓரத்தில் நிற்கும் இருவரை மட்டும் பார்க்கிறது, இடையில் இருப்பவர்களைக் கண்டுகொள்வதில்லை.

எல்லாரையும் கணக்கில் கொள்வது திட்ட விலக்கம். பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது, பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். செய்வது இவ்வளவுதான். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று எழுதுங்கள். அப்படியே கூட்டினால் மேலும் கீழும் அடிபட்டுப் பூஜ்யம் வரும். அதனால் ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறோம். அ பிரிவில் வர்க்கங்களின் கூட்டல் 448. விடை ஏறக்குறைய 6.4. இ பிரிவில் 10,316, விடை 30.6.

இப்போது இரண்டு பிள்ளைகளை ஒப்பிடலாம். அ பிரிவில் 44 வாங்கியவள் சராசரிக்கு வெறும் 10 மதிப்பெண் கீழே, ஆனால் வகுப்பில் கடைசி. இ பிரிவில் 34 வாங்கியவன் 20 மதிப்பெண் கீழே, ஆனாலும் நடுவில். அந்த 10, அவள் வகுப்பின் சிதறலில் ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த 20, இவன் வகுப்பின் சிதறலில் முக்கால் பங்குகூட இல்லை.

கணினியில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்செல்லில் இவை மூன்று வரிகள்:

```
=AVERAGE(B2:B12)
=MEDIAN(B2:B12)
=STDEV.P(B2:B12)
```

தேர்வுக்கு வராத பிள்ளைக்கு 0 என்று அடித்தால் அதையும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளும். AB என்று எழுதினாலோ காலியாக விட்டாலோ விட்டுவிடும். அ பிரிவில் பன்னிரண்டாவதாக ஒரு 0 சேர்ந்தால் சராசரி 49.5 ஆகும், இடைநிலை 53-இல் நிற்கும், திட்ட விலக்கம் 6.4-லிருந்து 16.1-க்கு ஏறும். ஒழுங்கான வகுப்பில் சிதறல் திடீரென்று ஊதினால், முதலில் அந்தப் பூஜ்யத்தைத் தேடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், இ பிரிவு இரண்டு குவியல் என்பதை 30.6 தானாகச் சொல்லாது. 0 முதல் 100 வரை பரவலாகச் சிதறிய வகுப்புக்கும் ஏறக்குறைய அதே எண் வரலாம். அதற்கு நான் கரும்பலகையில் போடுவது, அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977-இல் எழுதிய நூலால் பரவலான தண்டு-இலைப் படம். பத்துகளை இடப்பக்கம் எழுதி, ஒன்றுகளை எதிரே அடுக்குவது. இ பிரிவுக்கு:

```
1 | 8
2 | 2 5 9
3 | 1 4
4 |
5 |
6 |
7 | 8
8 | 4 8
9 | 1 4
```

நடுவில் மூன்று வரிகள் காலி. அதைப் பார்த்த பிறகு யாரும் எனக்குச் சராசரி சொல்ல வேண்டியதில்லை. கீழே இருக்கும் ஆறு விடைத்தாள்களைத் தனியாக எடுத்து, எந்தக் கேள்வியில் சறுக்கினார்கள் என்று பார்க்கப் போய்விடுவேன்.

அன்று அந்த அம்மாவிடமும் சுருட்டிய தாளை வாங்கிப் பிரித்தேன். வரைபடக் கேள்வியில் கோடு சரியாகவே வந்திருந்தது. அளவுத்திட்டம் எழுதாமல் விட்டதற்கு ஒரு மதிப்பெண் போயிருந்தது. அது கிடைத்திருந்தால் 35, தேர்ச்சி. இ பிரிவின் தேர்ச்சி ஐந்திலிருந்து ஆறாகியிருக்கும். சராசரி 54.09. பதிவேட்டில் அப்போதும் 54 என்றுதான் எழுதியிருப்பேன்.