பாயின்ட் கொடுக்காவிட்டாலும் வந்திருப்பார்களா?

ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பில் போடும்போது போன் நம்பர் சொன்னால், நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் பாயின்ட் ஏறும். மூன்று மாதம் கழித்து முதலாளி கணக்கைப் புரட்டுகிறார். திட்டத்தில் சேர்ந்தவர்கள் சராசரியாக 9 முறை வந்திருக்கிறார்கள், சேராதவர்கள் 4.5 முறை. பாயின்ட் வேலை செய்கிறது என்று அவருக்குத் தோன்றும்.

ஆனால் சேர்ந்தவர்கள் யார்? வாரம் தவறாமல் அங்கேயே வாங்குகிறவருக்குத்தான் சேர்வதில் லாபம். எப்போதாவது எட்டிப்பார்க்கிறவர் நம்பர் சொல்லவே அலுத்துக்கொள்வார். ஆக, பாயின்ட் இல்லாத காலத்திலேயே இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறுதான். இவர்களை ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு வழி குலுக்கல். திட்டத்தைத் தொடங்கும் முன்பே பழைய பில்களிலிருந்து 2000 வாடிக்கையாளர்களை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு அழைப்பு போகும். மீதி ஆயிரம் பேருக்குப் போகாது. எல்லோருடைய நம்பரும் பில்லில் பதிவாக வேண்டும்.

அழைத்தவர்களில் 400 பேர் சேர்ந்து தலா 9 முறை வந்தார்கள், சேராத 600 பேர் தலா 4.5 முறை வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6300 வருகை. சேராதவர்களையும் கணக்கில் விடாமல் வைத்திருப்பதுதான் இங்கே முக்கியம். அவர்களைக் கழித்தால் பழைய தவறு பின்வாசலால் நுழைந்துவிடும். அழைப்பே போகாத ஆயிரம் பேர் 6000 முறை வந்தார்கள். திட்டத்தால் கூடியது 300 வருகை, அவ்வளவுதான்.

ஒரு பில்லுக்குச் சராசரி 500 ரூபாய், அதில் லாபம் 60 ரூபாய் என்றால் 300 வருகைக்கு 18,000 ரூபாய். பாயின்ட்டோ உறுப்பினர்களின் 3600 பில்லுக்கும் தலா 10 ரூபாய், ஆக 36,000 ரூபாய். பாயின்ட் முழுவதையும் அவர்கள் பயன்படுத்திவிட்டால் கடைக்கு 18,000 ரூபாய் நஷ்டம்.

இந்த 300-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே 2000 பெயர்களைக் கம்ப்யூட்டரில் பலமுறை கலைத்துப் பிரித்துப் பார்த்தால், வெறும் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் எத்தனை தடவை வருகிறது என்று தெரியும். அடிக்கடி வந்தால் சோதனையை இன்னும் அதிகம் பேரிடம் நடத்த வேண்டியதுதான். ஒரே சாமானை இரண்டு பில்லாகப் பிரித்து வாங்குகிறவர்களும் உண்டு என்பதால், வருகையோடு மொத்தத் தொகையையும் பார்க்க வேண்டும். கல்லாவில் இருப்பவர் தெரிந்த முகத்துக்கு இரக்கப்பட்டு, அழைப்பில்லாதவரையும் சேர்த்துவிட்டால் உண்மையான வித்தியாசம் சுருங்கித் தெரியும்.

குலுக்கலுக்கு வழியில்லாத இடத்தில் வேறு முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் 'ஃபிளை பைஸ்' திட்டத்தை பைரன் ஷார்ப், ஆன் ஷார்ப் இருவரும் ஆராய்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிராண்டும் சந்தையில் பெற்றிருக்கும் பங்கை வைத்து, அதற்கு இயல்பாக எவ்வளவு மறுகொள்முதல் இருக்கும் என்று கணித்து, நடந்ததோடு ஒப்பிட்டார்கள். இரண்டு பிராண்டுகளில்தான் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. அந்த இரண்டிலும், திட்டத்தில் சேராதவர்களிடமும் அதே உயர்வு தெரிந்தது.