கட்டைவிரல் கேமராவுக்குத் தெரிகிறதா?

கை கழுவுவதைப் படமெடுப்பது எளிது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இரண்டு கைகள், ஒரு குழாய் அல்லது ஒரு கிருமிநாசினி பாட்டில், முப்பது நொடி. ஆனால் புதிதாக வார்டுக்கு வரும் செவிலியருக்காக எடுக்கப்படும் பயிற்சி வீடியோக்கள் பலவற்றில், பார்த்து முடித்த பிறகும் கட்டைவிரலை எப்படித் தேய்ப்பது என்று கேட்டால் சரியான பதில் வருவதில்லை. காரணம் நடிப்பவரோ கேமராக்காரரோ அல்ல. பெரும்பாலும் ஸ்கிரிப்டில் அந்த இடம் எழுதப்படவே இல்லை.

இன்று மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் கைச் சுத்தப் படங்களின் வேர் 1978-இல் இருக்கிறது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் கிரஹாம் எயிலிஃப் என்ற நுண்ணுயிரியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் கைகளின் எல்லாப் பரப்பும் தேய்படும்படி ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டெய்லர் என்பவர், செவிலியர் கை கழுவும்போது எந்தெந்த இடங்கள் விடுபடுகின்றன என்று ஆராய்ந்தார். கட்டைவிரலும் விரல்நுனிகளும் விரலிடுக்குகளும்தான் அதிகம் விடுபட்டன. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, எயிலிஃப் முறையை ஒட்டியே தேய்க்கும் படிகளை வரிசைப்படுத்தியது. ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி என்றால் மொத்தம் 20 முதல் 30 நொடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி.

ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு முதல் கண்ணி அந்தச் சுவர்ப்படத்திலேயே இருக்கிறது. புறங்கை, கட்டைவிரல், விரல்நுனி ஆகிய படிகளில் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு, மறு கைக்கும் இப்படியே செய்க என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தாளில் அது போதும். படத்தில் போதாது. வலது கட்டைவிரலைத் தேய்த்துவிட்டு அடுத்த படிக்குத் தாவும் வீடியோவைப் பார்த்தவர், வார்டிலும் வலது கட்டைவிரலோடுதான் நிறுத்துவார். எனவே ஸ்கிரிப்டில் இரண்டு கைகளும் தனித்தனி வரிகளாக, தனித்தனி நொடிகளோடு வரவேண்டும்.

நொடிக்கணக்கு போட்டுப் பார்த்தால் இந்தப் படிகள் முப்பது நொடிக்குள் நெருக்கியடித்துத்தான் அடங்குகின்றன என்பது புரியும். உள்ளங்கையில் கிருமிநாசினி எடுக்க 2 நொடி, உள்ளங்கைகளைத் தேய்க்க 3, இரண்டு புறங்கைகளுக்கும் 6, உள்ளங்கைகளைச் சேர்த்து விரல்களைக் கோத்துத் தேய்க்க 3, மடக்கிய விரல்களின் முதுகுப் பக்கத்துக்கு 4, கட்டைவிரல்களுக்கு 6, விரல்நுனிகளுக்கு 6. அவ்வளவுதான், முப்பது முடிந்தது. மூன்று நொடியில் ஐந்தாறு தமிழ்ச் சொற்களை நிதானமாகச் சொல்லலாம். அதற்கு மேல் எழுதினால் குரல் பின்தங்கி, திரையில் விரல்நுனி ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் கட்டைவிரல் பாடம் கேட்கும். ஆகவே செய்முறையை இரண்டு முறை காட்டுவது நல்லது. முதலில் ஒவ்வொரு படியாக, நிறுத்தி, விளக்கத்தோடு. பிறகு வெட்டே இல்லாமல், பின்னணிக் குரலும் இல்லாமல், உண்மையான வேகத்தில் ஒரே ஷாட். முப்பது நொடி எவ்வளவு நீளம் என்பது கைக்குப் பழகுவது இந்த இரண்டாவது பகுதியில்தான். படம் ‘போர்’ அடிக்கிறதே என்று எடிட்டர் இதில் கை வைக்கப் பார்ப்பார். விடக்கூடாது.

இனி கட்டைவிரலுக்கு வருவோம். ஒரு கையின் கட்டைவிரலை மறு கை முழுதாகப் பற்றிக்கொண்டு சுழற்றித் தேய்க்கவேண்டும். பற்றியவுடன் கட்டைவிரல் மறைந்துவிடுகிறது! கேமரா எதிரே நின்றால் திரையில் தெரிவது ஒரு மூடிய கை மட்டும். அந்தப் பிடி கட்டைவிரலின் அடிவரை போயிருக்கிறதா, நுனியை மட்டும் பிடித்திருக்கிறதா, சுழல்கிறதா, வெறுமனே மேலும் கீழும் வழுக்குகிறதா என்று எதுவும் புலப்படாது. விரல்நுனிப் படியிலும் இதே சிக்கல். விரல்களைக் குவித்து எதிர் உள்ளங்கையில் வட்டமாகத் தேய்க்கும்போது, மேலிருந்து எடுத்தால் கையின் முதுகு மட்டும் தெரியும். நகமும் நுனியும் தோலைத் தொடும் இடம் அடியில் ஒளிந்துவிடும். சற்றே யோசித்தால் ஒன்று விளங்குகிறது. செவிலியர் கையில் அதிகம் விடுபடும் அதே இடங்கள்தான் கேமராவின் கண்ணிலிருந்தும் நழுவுகின்றன.

அதனால் ‘கட்டைவிரலைத் தேய்க்கிறார்’ என்று எழுதுவது ஸ்கிரிப்ட் ஆகாது. விளக்கப் பகுதியில் இந்தப் படி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

காட்சி: செவிலியரின் தோளுக்கு மேலிருந்து கேமரா, கைகள் மட்டும், அடர்நீலப் பின்னணி. இடது கட்டைவிரல் தனியாக விரிந்து நிற்கிறது. ஒரு நொடி அசைவில்லை. வலது கை மெதுவாக வந்து, கட்டைவிரல் மணிக்கட்டைச் சேரும் மேட்டுப்பகுதி வரை பற்றுகிறது. பற்றிய கை முன்னும் பின்னும் சுழல்கிறது. பிடி விடுபடுகிறது, கட்டைவிரல் முழுவதும் ஈரத்தில் பளபளக்கிறது. பின் வலது கட்டைவிரலுக்கு இதே வரிசை.

குரல்: கட்டைவிரலை அடிவரை பற்றுங்கள். சுழற்றுங்கள். இனி மறு கை.

திரை எழுத்து: கட்டைவிரல், இரு கைகளும்.

தோளுக்கு மேலிருந்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. பார்ப்பவருக்குத் திரையில் இருப்பவை தம் கைகளாகவே தெரியும். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலமாகக் குழம்பும். விரல்நுனிப் படிக்கு மட்டும் கேமராவைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் வைக்கும்படி எழுதவேண்டும். ஈரம் பளபளக்க, பக்கத்திலிருந்து ஓர் ஒளியும் வேண்டும். நேர் எதிர் ஒளியில் ஈரக்கையும் உலர்ந்த கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செய்முறையைக் கற்பிக்கும் இந்தப் படத்துக்குச் சோப்பைவிடக் கிருமிநாசினி பொருத்தம், ஏனென்றால் நுரை விரல்களை மூடிவிடும். ஆனால் கையில் இரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தாலும், கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் போன்ற வித்துக்கிருமியால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியைக் கவனித்தாலும், சோப்பும் தண்ணீரும்தான். அந்த வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. இதை ஒரு தனி ஷாட்டாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாட்டில் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணம் பதிந்துவிடும்.

நடிக்கும் கையைப் பற்றியும் ஸ்கிரிப்ட் பேசவேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இல்லை. நகம் அரை சென்டிமீட்டருக்குள். படப்பிடிப்பு நாளில் இவை மறந்துபோவது சகஜம். மோதிரத்தோடு ஒரு ஷாட் வந்துவிட்டால், குரல் என்ன சொன்னாலும் பார்ப்பவர் மோதிரத்தைத்தான் நம்புவார்.

முதல் வெட்டு தயாரானதும் அதை ஒலியை நிறுத்திப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பார்த்தவர் ஒருவர், எதுவும் கேட்காமலே எல்லாப் படிகளையும் செய்து காட்ட முடிகிறதா? அடுத்தது புற ஊதா விளக்குச் சோதனை. ஒளிரும் பொருள் கலந்த கிருமிநாசினியைப் பயிற்சியாளர்களிடம் கொடுத்து, வீடியோவில் பார்த்தபடி தேய்க்கச் சொல்லி, இருட்டுப் பெட்டிக்குள் கையை நீட்டச் சொல்வார்கள். தேய்பட்ட இடம் ஒளிரும். விடுபட்டது கறுப்பாக நிற்கும். ஒருவர் கையில் கறுப்பு தெரிந்தால் அவருடைய கவனக்குறைவாக இருக்கலாம். பலருடைய கையில் கட்டைவிரலின் அடியே கறுத்திருந்தால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்கவேண்டும். எல்லோருக்கும் ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருந்தால் பிழை தேய்ப்பதில் இல்லை, அளவில்: உள்ளங்கைக் குழி நிறைய எடுக்கவேண்டிய கிருமிநாசினியை, படத்தில் நடித்தவர் ஓர் அரை அழுத்தில் எடுத்திருப்பார். அப்படியானால் திருத்தவேண்டியது முதல் இரண்டு நொடிகளை. பம்பு அடிவரை அமுங்குவதும் குழிந்த உள்ளங்கை நிறைவதும் குளோஸ்-அப்பில் வரவேண்டும்.