அரை முட்டைக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்றோர் ஊர். அங்கே டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தி வந்த ரூத் வேக்ஃபீல்ட், 1930-களின் பிற்பகுதியில் செய்த ஒரு பிஸ்கட்தான் இன்று உலகம் முழுக்கச் சாக்லெட் சிப் குக்கீ என்று விற்கிறது. டோல் ஹவுஸ் என்ற பெயரில் வரும் சாக்லெட் பொட்டலத்தின் பின்பக்கம் செய்முறை இருக்கும். முட்டை இரண்டு, குக்கீ ஏறக்குறைய அறுபது.

அறுபது குக்கீயை வைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ள வீட்டில் என்ன செய்வது? நம் ஓடிஜி அடுப்பின் தட்டில் ஒரு முறைக்கு எட்டு, பத்துக்கு மேல் வைக்க முடியாது. சரி, பாதியாக்கலாம். ஒரு முட்டை, முப்பது குக்கீ. அதையும் பாதியாக்கினால் பதினைந்து; அளவான பலகாரம். வெண்ணெய், மைதா, சர்க்கரை எல்லாம் எந்தப் பங்குக்கும் கட்டுப்படும். முட்டை மட்டும் முழுசாகத்தான் கிடைக்கிறது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு, ‘முழு முட்டையையே ஊற்றிவிடலாம், என்ன ஆகிவிடும்?’ என்பது. என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். கால் பங்கு செய்முறைக்கு மைதா சுமார் 68 கிராம்தான். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். தேவைப்படுவது 25 கிராம் முட்டை. அதில் தண்ணீர் 19 கிராம். நம் ஊர் முட்டை ஒன்றில் உள்ள 45 கிராமையும் அப்படியே ஊற்றினால் தண்ணீர் 34 கிராம். கூடுதலாக வந்த 15 கிராம், மைதாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மாவு உருண்டை பிடிக்க வராமல் கையோடு ஒட்டும். அடுப்பில் வைத்தால் ஓரம் மொறுமொறுப்பாகாது. நடுவில் உப்பிக் குட்டி கேக் போல மெத்தென்று நிற்கும். தின்ன முடியாது என்றில்லை. ஆனால் செய்ய நினைத்தது அதுவல்ல. முட்டையே வேண்டாம் என்று விட்டாலோ, மாவைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் ஆறிய குக்கீ தொட்டதும் உதிரும்.

ஆக, முட்டையைப் பிரித்தே ஆக வேண்டும். உடைத்து ஊற்றி, கண்ணளவில் பாதியை வழித்து எடுக்கலாமா என்றால், அது பாதியாக இருக்காது. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். மஞ்சள்கருவில் பாதிதான் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு. வழித்த பாதியில் மஞ்சள்கரு முழுதும் வந்துவிட்டால் ஒரு விதம், வராவிட்டால் இன்னொரு விதம். இரண்டும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் ‘பாதி’ என்ற பேச்சுக்கே இடம்.

கலப்பதுதான் இதில் உள்ள ஒரே கைப்பழக்கம். முட்டையின் வெள்ளையில் தண்ணீர் போல ஓடும் பகுதி ஒன்றும், கெட்டியாக மஞ்சள்கருவைச் சுற்றி நிற்கும் பகுதி ஒன்றும் உண்டு. மஞ்சள்கருவின் இரு பக்கமும் வெள்ளைக் கயிறு போல முறுக்கிக்கொண்டிருப்பதும் சேர்ந்துகொள்ளும். சரியாக அடிக்காத முட்டையைக் கரண்டியில் மொண்டால், இந்தக் கெட்டி வெள்ளை மொத்தமும் ஒரே இழுப்பில் வழுக்கி விழும். திரும்ப எடுக்கப் பார்த்தால் வராது. முட்டை புதிதாக இருக்க இருக்க இந்தத் தொல்லை அதிகம். நாளாக ஆக வெள்ளைக்கரு தானே நீர்த்துவிடும். மற்றப் பல சமையலுக்கும் இன்றைக்கு இட்ட முட்டை நல்லது. அளப்பதற்கு மட்டும் பத்து நாள் முட்டை தேவலை.

முதலில் முள்கரண்டியின் நுனியால் மஞ்சள்கருவைக் குத்தி உடைத்துவிட்டு, முள்கரண்டியைக் கிண்ணத்தின் அடியிலேயே வைத்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்ட வேண்டும். ஆம்லெட்டுக்கு அடிப்பது போல மேலே தூக்கித் தூக்கி அடித்தால் காற்று புகுந்து நுரை வரும். நுரையைக் கரண்டியால் அளந்தால், அளந்ததில் பாதி காற்று. செய்முறையில் போடவேண்டிய உப்பிலிருந்து ஒரு சிட்டிகையை இப்போதே முட்டையில் போட்டு, அடித்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் வேலை எளிது. உப்பு கெட்டி வெள்ளையை இளக்கும். நிறம் சற்று அடர்ந்து, கரண்டியைத் தூக்கினால் நூல் தொங்காமல் சீராக வழியும். அதுதான் பதம். அப்போதும் திப்பி தெரிந்தால் டீ வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கிவிடலாம்.

இனி அளவு. இங்கேதான் கவனிக்காமல் விடப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் செய்முறையில் முட்டை என்றால் அவர்கள் ‘லார்ஜ்’ என்று சொல்லும் ரகம். ஓடு நீக்கினால் 50 கிராம். நம் ஊரில் அக்மார்க் தரப்படி 53 முதல் 59 கிராம் வரை பெரியது, 45 முதல் 52 கிராம் வரை நடுத்தரம். இரண்டும் ஓட்டோடு சேர்த்த எடை. மளிகைக் கடை அட்டையில் இரண்டும் கலந்துதான் இருக்கும். ஓடு போனால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும் என்பதால், 50 கிராம் முட்டைக்குள் சரக்கு 44, 45 கிராம்தான். நாட்டுக்கோழி முட்டை இன்னும் சின்னது. இங்கிலாந்தில் ‘லார்ஜ்’ என்பதோ ஓட்டோடு 63 கிராமில் தொடங்குகிறது. எனவே அரை முட்டை என்று செய்முறையைப் பாதியாக்கும்போது, நம் கையில் உள்ள முட்டையின் பாதியைத் தேடுவதை விட, செய்முறை எழுதியவரின் முட்டையில் பாதி எவ்வளவு என்று கேட்பதே சரி. டோல் ஹவுஸ் குக்கீக்கு அது 25 கிராம். நம் முட்டையிலிருந்து 25 எடுத்தால் மிச்சம் 20 கிராம்.

தராசு இருந்தால் அளப்பது நிமிட வேலை. ஆனால் வீட்டு டிஜிட்டல் தராசுகளுக்கு ஒரு குணம் உண்டு: சொட்டுச் சொட்டாக ஊற்றினால் பல தராசுகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எண் நகராது, நாமும் ஊற்றிக்கொண்டே இருப்போம். இதற்கு வழி, தலைகீழாக அளப்பது. அடித்த முட்டை உள்ள கிண்ணத்தையே தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிலிருந்து கரண்டி கரண்டியாக எடுத்து மாவில் ஊற்றுங்கள். −25 என்று காட்டியதும் நிறுத்தலாம். கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டது கணக்கில் வராது என்பது இதில் கூடுதல் லாபம். கரண்டியில் ஒட்டியதை மட்டும் மாவிலேயே வழித்துவிட வேண்டும்.

தராசு இல்லாவிட்டால் அளவுக் கரண்டி. ஒரு டேபிள் ஸ்பூன் 15 மில்லி, ஒரு டீஸ்பூன் 5 மில்லி. முட்டை தண்ணீரை விடச் சிறிதே கனம். அதனால் மில்லியையும் கிராமையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். 25 கிராமுக்கு ஒரு டேபிள் ஸ்பூனும் இரண்டு டீஸ்பூனும். நம் நடுத்தர முட்டை ஒன்று அடித்த பிறகு கிட்டத்தட்ட மூன்று டேபிள் ஸ்பூன் இருக்கும் என்பது நினைவில் நிற்க எளிது: மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் ஒரு டேபிள் ஸ்பூன், பாதி வேண்டுமென்றால் ஒன்றரை. சாப்பாட்டுக் கரண்டியில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்; ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு ஆழம்.

அப்படியானால் பதினைந்து குக்கீக்கு: வெண்ணெய் 57 கிராம், வெள்ளைச் சர்க்கரை 37, பழுப்புச் சர்க்கரை 37, அடித்த முட்டை 25, மைதா 68, சாக்லெட் துண்டுகள் 85 கிராம். சமையல் சோடா, உப்பு, வெனிலா எசன்ஸ் மூன்றும் கால் டீஸ்பூன். முட்டையில் போட்ட சிட்டிகை உப்பை இதில் கழித்துக்கொள்ள வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்த பிறகு முட்டையை இரண்டு தவணையாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால், அதுவும் குளிர்ந்த முட்டையாக இருந்தால், வெண்ணெய் திரிந்தது போலத் திப்பி திப்பியாகும். மைதா சேர்ந்ததும் சரியாகிவிடும் என்பதால் பதற வேண்டாம். 190 டிகிரியில் 9 முதல் 11 நிமிடம். அளவு பாதியானாலும் கால் பங்கானாலும் குக்கீயின் அளவு மாறவில்லை. ஆகவே சூடும் நேரமும் மாறாது. கேக் என்றால் கதை வேறு: பாத்திரமும் சிறிதாக வேண்டும். 8 அங்குல வட்டத் தட்டுக்குப் பாதி 4 அங்குலம் அல்ல, 6 அங்குலத் தட்டு.

இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே போனால்? குக்கீயில் ஒன்றும் தெரியாது. ‘அளப்பதே வேண்டாம், மஞ்சள்கருவை மட்டும் போட்டுவிடுகிறேன்’ என்பவர்களும் உண்டு. குக்கீக்கு அது மோசமான யோசனை இல்லை. தண்ணீர் குறைந்து கொழுப்பு கூடுவதால் சற்று அடர்த்தியாக, மெல்ல இழுவையாக வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். கேக்கில் இந்தக் குறுக்கு வழி பலிக்காது. அங்கே உப்பி எழுந்த மாவைத் தாங்கி நிற்க வெள்ளைக்கருவின் புரதமும் வேண்டும். மஞ்சள் மட்டும் போட்டால் கேக் தணிந்து கெட்டியாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் இடமிருந்தால் குக்கீக்கு அரை முட்டை அளக்கும் அவசியமே இல்லை. முழு முட்டை போட்டு மாவு பிசைந்து, உருண்டைகளாக்கி உறைய வைத்து, வேண்டும்போது பத்துப் பத்தாகச் சுட்டுக்கொள்ளலாம். கேக் மாவுக்கு அந்த வசதி கிடையாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். அன்றைய மாவை அன்றே சுட வேண்டும் என்பதால், அரை முட்டைக் கணக்கு அதிகம் கைகொடுப்பது கேக்கில்தான்.

மிச்சமிருக்கும் 20 கிராமை மேடையிலேயே விட்டுவிடக் கூடாது. உடைத்து அடித்த முட்டையில் ஓட்டின் பாதுகாப்பு போய்விட்டது. சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது ஆபத்து. சின்ன டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் காலை இன்னொரு முட்டையோடு சேர்த்துக் கலக்கியாகவோ, தோசை மேல் ஊற்றியோ தீர்த்துவிடலாம். பன் சுடுகிறவர்களுக்கு மேலே தடவ இந்த அளவு தாராளம். உடனே வேலை இல்லையென்றால் ஐஸ் தட்டின் ஒரு குழியில் ஊற்றி உறைய வைக்கலாம். தனி மஞ்சள்கரு உறைந்தால் பசை போலக் கெட்டித்து, கரைத்தாலும் பழைய நிலைக்கு வராது. வெள்ளையோடு சேர்த்து அடித்ததற்கு அந்தக் கோளாறு இல்லை. எத்தனை கிராம் என்பதையும் தேதியையும் மூடி மேல் எழுதிவிடுங்கள். அடுத்த முறை பதினைந்து குக்கீ சுடும்போது, முந்தைய இரவே அதை ஃப்ரிட்ஜுக்குள் இறக்கிவைத்தால் உருகியிருக்கும். குறைகிற ஐந்து கிராமுக்கு ஒரு டீஸ்பூன் பால் போதும்.