‘இதுவரை எதுவும் நடக்கவில்லையே’

2018 ஜனவரி நடுவில், மும்பை பிராடி ஹவுஸில் இருந்த பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்கு நீரவ் மோடியின் நிறுவனங்களிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. வெளிநாட்டுச் சரக்குக்குப் பணம் கட்டக் குறுகிய காலக் கடன் வேண்டும், அதற்கு வங்கி உறுதிக் கடிதம் தர வேண்டும் என்று கேட்டார்கள். வங்கிக்காரர்கள் எல்.ஓ.யு. என்பது இந்தக் கடிதத்தைத்தான். பணியில் இருந்த அதிகாரிகள் முழுத் தொகைக்கும் மார்ஜின் பணம் கட்டச் சொன்னார்கள். முன்பெல்லாம் அப்படிக் கட்டாமலேயே கடிதம் கிடைத்ததே என்று பதில் வந்தது. கிளையின் கணினியில் தேடிப் பார்த்தால், முன்பு கொடுத்ததற்கு ஒரு பதிவும் இல்லை. மாத இறுதியில் சி.பி.ஐ.யிடம் போன முதல் புகாரில் இருந்தவை எட்டுக் கடிதங்கள், சுமார் 280 கோடி ரூபாய். பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்த தொகையோ சுமார் 177 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 11,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இத்தனை பணம் கணக்குக்குள் வராமலே எப்படிப் போனது? உறுதிக் கடிதம் அப்போது வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஸ்விஃப்ட் என்ற செய்தி வலையமைப்பு வழியாகப் போனது. வங்கியின் கணக்குகள் இருப்பது கோர் பேங்கிங் மென்பொருளில். அந்த வங்கியில் அப்போது இவை இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் செய்தியை அனுப்பிய பிறகு, கோர் பேங்கிங்கில் யாராவது தனியாக உட்கார்ந்து பதிய வேண்டும். பதியாவிட்டால், வெளிநாட்டு வங்கிக்கு நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது நமது பேரேட்டுக்குத் தெரியாது. பழைய கடிதம் முதிர்ந்ததும் புதிய கடிதத்தில் வந்த பணம் அதை அடைத்துவிடும். பணம் கொடுத்தவர் யாரும் குறை சொல்லாததால் ஆண்டுகள் ஓடின.

இந்த நிகழ்ச்சியை மோசடிக் கதையாகப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. மோசடி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடிட்டர் இந்த இணைப்பு இல்லாததைக் கவனித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணெதிரே ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகவில்லை. அந்தக் குறையை அவர் எந்தத் தரத்தில் வைத்திருக்க வேண்டும்?

தணிக்கைத் துறையில் கட்டுப்பாட்டுக் குறைகளுக்கு மூன்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் சாதாரணக் குறை. சில்லறைச் செலவு வவுச்சரில் மேலாளர் கையெழுத்து விடுபட்டிருந்தால் அது இந்த வகை. நடுவில் குறிப்பிடத்தக்க குறை, நிர்வாகத்துக்கு மேலே இருக்கும் இயக்குநர் குழுவின் காதுக்கும் போயாக வேண்டிய அளவு முக்கியமானது. உச்சியில் இருப்பதை மெட்டீரியல் வீக்னஸ் என்பார்கள். நிதி அறிக்கையில் பெரிய தவறு ஒன்று நேர்ந்து, உரிய காலத்தில் யாரும் அதைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ முடியாமல் போவதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தால் அதற்கு இந்தப் பெயர்.

இந்த வரையறையில் ‘தவறு நடந்தது’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தவறு நடக்க வாய்ப்பு உண்டா, நடந்தால் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்ற இரண்டு கேள்விகள்தான் தரத்தை முடிவு செய்கின்றன. நடைமுறையில் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஐம்பது பரிவர்த்தனைகளைச் சோதித்து, ஒன்றில் 8,000 ரூபாய் பிழை கண்டால், ‘8,000 ரூபாய்தானே, சின்னக் குறை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஓட்டை வழியாக ஓராண்டில் மொத்தம் எவ்வளவு பணம் போய்வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

பிராடி ஹவுஸ் கணக்கைப் போட்டே பார்க்கலாம். எந்தத் தொகைக்கு மேல் போனால் தவறு பெரியது என்பதற்கு ஆடிட்டர்களிடையே புழங்கும் தோராய அளவு, வரிக்கு முந்தைய லாபத்தில் ஐந்து சதவீதம். வங்கிகளுக்கு வேறு அளவுகோல்களையும் எடுப்பதுண்டு, ஆனால் விஷயம் புரிய நிகர லாபமே போதும். 2016-17இல் அந்த வங்கியின் நிகர லாபம் சுமார் 1,325 கோடி ரூபாய். ஐந்து சதவீதம் என்றால் ஏறத்தாழ 66 கோடி. முதல் புகாரிலிருந்த எட்டுக் கடிதங்களின் சராசரி 35 கோடி. இரண்டே கடிதங்கள் பதிவாகாமல் போனால் எல்லை தாண்டிவிடும். அளவு பற்றிய கேள்விக்கு இதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

வாய்ப்பு பற்றிய கேள்வி சற்று நுட்பமானது. பதிவு செய்வது கைவேலை. பதிவை விட்டுவிடுவதால் லாபம் அடையக்கூடிய ஆள் வெளியே இருக்கிறார். ஸ்விஃப்டைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து குறித்து 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பின்னால் சொன்னது. ஆகவே, ‘நியாயமான வாய்ப்பு’ என்பதை மறுப்பது கடினம்.

இந்தக் கட்டத்தில் நிர்வாகம் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. ‘இணைப்பு இல்லைதான். ஆனால் தினமும் மாலையில், ஸ்விஃப்ட் அறையோடு சம்பந்தமில்லாத ஓர் அதிகாரி, அன்று வெளியே போன செய்திகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் கோர் பேங்கிங்கோடு ஒப்பிடுகிறார்’ என்று அவர்கள் சொல்லலாம். ஈடுசெய்யும் கட்டுப்பாடு என்று இதற்குப் பெயர். இது உண்மையிலேயே நடந்தால் தரம் ஒரு படி இறங்கும், சில சமயம் இரண்டு படியும் இறங்கும். ஆனால் அப்படி நடப்பதாகச் சொன்னால் போதாது. ஆடிட்டர் தானே தேர்ந்தெடுத்த நாட்களின் பட்டியல்களைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் ஸ்விஃப்ட் கணினியிலிருந்து நேரடியாக வந்ததா, அல்லது ஒப்பிட்டுக் காட்ட வேண்டியவரே தட்டச்சு செய்து கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். பொருந்தாத ஒரு செய்தி கிடைத்த நாளில் அந்த அதிகாரி என்ன செய்தார் என்பதற்குத் தடயம் வேண்டும். டிக் அடித்த கையெழுத்து மட்டும் வரிசையாக இருந்து, ஆண்டு முழுவதும் ஒரு கேள்விகூட எழுப்பப்படவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

இன்னொன்று, குறைகளை ஒவ்வொன்றாக மட்டும் எடை போடக் கூடாது. இணைப்பு இல்லாதது ஒரு குறை. ஒரே அலுவலர் பல ஆண்டுகள் அதே மேசையில் இருப்பது இன்னொன்று. ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவர் பயன்படுத்துவது மூன்றாவது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் கிடைக்கும். மூன்றும் ஒரே கணக்குத் தலைப்பைத் தொடும்போது சேர்த்துத்தான் தரம் பிரிக்க வேண்டும் என்கின்றன விதிகள்.

தரம் பிரித்தபின் அதை யாரிடம் சொல்வது? இந்தியாவில் இதற்கான தரநிலை எஸ்.ஏ. 265, பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்டது. சாதாரணக் குறைகளை நிர்வாகத்திடம் வாய்மொழியாகவே சொல்லலாம். குறிப்பிடத்தக்கவை எழுத்திலேயே போக வேண்டும், அதுவும் நிர்வாகத்தோடு நிற்காமல், அதை மேற்பார்வையிடும் இயக்குநர் குழுவுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ போக வேண்டும். நிர்வாகத்தின் நேர்மையையே குறை தொடுகிறது என்றால், அதை முதலில் அந்த நிர்வாகத்திடமே கொண்டுபோவது பொருத்தமில்லை. ஆடிட்டருக்கும் நிதித்துறைத் தலைவருக்கும் இடையே ஒரு சொல்லுக்காகப் பெரிய இழுபறி நடப்பதற்குக் காரணம் இதுதான். ‘குறிப்பிடத்தக்க’ என்ற சொல் விழுந்துவிட்டால், விஷயம் இயக்குநர்கள் முன் எழுத்தாக நிற்கும்.

அந்த இழுபறியில் தவறாமல் வரும் வாதங்களுக்குத் தரநிலையிலேயே பதில் இருக்கிறது. ‘இதுவரை எதுவும் நடக்கவில்லையே’ என்பார்கள். அதற்குப் பதிலை மேலேயே பார்த்துவிட்டோம். ‘செலவு அதிகம், தெரிந்தே விட்டிருக்கிறோம்’ என்பார்கள். செலவுக்கும் பயனுக்கும் இடையே முடிவெடுப்பது நிர்வாகத்தின் உரிமை, ஆனால் ஆடிட்டர் சொல்ல வேண்டிய கடமை அதனால் குறைவதில்லை. ‘போன வருடமே சொல்லிவிட்டீர்களே’ என்பார்கள். சரிசெய்யப்படாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். போதிய காரணமில்லாமல் சரிசெய்யாமல் விட்டதே ஒரு குறிப்பிடத்தக்க குறைக்கான அடையாளம்.

கடிதத்தை எழுதும் விதத்திலும் விஷயம் நீர்த்துப்போகும். ‘ஸ்விஃப்ட், கோர் பேங்கிங் ஒருங்கிணைப்பை வலுப்படுத்த வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால், அதைப் படிக்கும் இயக்குநர் கணினித் துறைச் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். குறை என்ன, அதனால் என்ன ஆகலாம் என்ற இரண்டையும் விளக்கச் சொல்கிறது தரநிலை. அப்படி எழுதினால் இப்படி இருக்கும்: ‘உறுதிக் கடிதங்கள் கோர் பேங்கிங்கில் பதிவாகாமலே வெளிநாட்டு வங்கிகளுக்குப் போக முடியும். நாங்கள் சோதித்த நாட்களில், செய்திப் பட்டியலைக் கணக்கோடு ஒப்பிட்டதற்கு ஆதாரம் எங்களுக்குக் காட்டப்படவில்லை. வங்கி ஏற்றுக்கொண்ட பொறுப்பு நிதி அறிக்கையில் விடுபடலாம். விடுபட்டால் அதைக் கண்டுபிடிக்க வேறு ஏற்பாடு இல்லை.’ இதைப் படித்த இயக்குநர் யாரும் பின்னாளில் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

எஸ்.ஏ. 265 பேசுவது முதல் இரண்டு படிகளைப் பற்றித்தான். மெட்டீரியல் வீக்னஸ் என்ற உச்சப் படி வருவது, கட்டுப்பாடுகளைப் பற்றியே ஆடிட்டர் தனிக் கருத்துச் சொல்லும் தணிக்கையில். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 143-வது பிரிவு. சிறிய தனியார் நிறுவனங்கள் பலவற்றுக்குப் பின்னர் விலக்குக் கிடைத்தது. பஞ்சாப் நேஷனல் வங்கி போன்ற பொதுத்துறை வங்கிகள் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் அமைந்தவை அல்ல. அவற்றின் ஆடிட்டர்களும் இப்படிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது 2020-21 நிதியாண்டிலிருந்துதான். பிராடி ஹவுஸில் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்தத் தணிக்கையில் மதிப்பிடப்படுவது ஆண்டின் கடைசி நாளன்று கட்டுப்பாடு இருந்த நிலை. அதற்குள் குறையைச் சரிசெய்து, சரிசெய்தது வேலை செய்கிறது என்பதற்குப் போதிய நாட்களின் ஆதாரமும் காட்டினால் மெட்டீரியல் வீக்னஸ் அறிக்கையில் வராது. மார்ச் 29 அன்று அவசரமாக ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அது செல்லாது.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றில் உச்சப் படி மட்டுமே கண்ணில் படும். மற்ற இரண்டும் ஆடிட்டரின் கடிதத்தோடும் தணிக்கைக் குழுவின் கோப்போடும் நின்றுவிடும். ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கைக்குப் பின்னால், நிதி சார்ந்த உள் கட்டுப்பாடுகள் குறித்து ஓர் இணைப்பு இருக்கும். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வாசகங்கள்தான் அதில் இருக்கும் என்பதால் யாரும் படிப்பதில்லை. ஆனால் கருத்து நிபந்தனையோடோ பாதகமாகவோ இருந்தால், அதற்கான அடிப்படை என்ற தலைப்பில் குறை விவரிக்கப்பட்டிருக்கும். கணக்கு சரியாக இருக்கிறது என்று முதன்மை அறிக்கை சொல்லும்போதே, கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று இணைப்பு சொல்வது சாத்தியம். ஆடிட்டர் கூடுதல் சோதனைகள் செய்து அந்த ஆண்டின் எண்களைச் சரிபார்த்துவிட்டார் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். அடுத்த காலாண்டு முடிவுகளுக்கு அந்த அளவு சோதனை நடப்பதில்லை.