பாதியில் நிற்கும் வேலையை ஒப்படைப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அதன் இணையதளத்தையும் விளம்பரத்தையும் வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் ரூ.40,000. விலக வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜூன் 10 அன்று கடிதம் கொடுத்தால் ஜூலை 10 கடைசி நாள். ஜூலையின் 31 நாளில் 10 நாளுக்கு ரூ.12,903 பில் போட வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் சண்டை போடுவதில்லை. முடியாமல் கிடக்கும் வேலைகளில்தான் சண்டை வரும்.

ஆலோசகரைப் பொறுத்தவரை மாதக் கட்டணம் அவருடைய நேரத்துக்கானது. முதலாளியோ, “ஆறு மாசமா பணம் கொடுத்திருக்கேன், கேட்லாக் எங்கே?” என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கடிதம் கொடுத்த வாரத்திலேயே இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிவிடுவது நல்லது. அதில் ‘80 சதவீதம் முடிந்தது’ என்ற வரிக்கு இடமே தரக் கூடாது. ‘60 பக்கத்தில் 38 பக்கம் முதலாளி ஒப்புதல் பெற்றது, 12 பக்கத்துக்கு வாசகம் உண்டு, படம் இல்லை, 10 பக்கம் தொடங்கவில்லை’ என்று எழுதினால், அடுத்து வருபவர் எங்கே கை வைப்பது என்று கேட்க வேண்டியிருக்காது. எந்த வேலை ஜூலை 10-க்குள் முடியும், எது இருக்கும் நிலையிலேயே கைமாறும், எது கைவிடப்படும் என்பதையும் அதே தாளில் முடிவுசெய்து கையெழுத்திட வேண்டும். வெறும் பி.டி.எஃப். போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்புகளும் போக வேண்டும்.

கோப்புகளோடு உரிமையும் போகிறதா என்பது தனிக் கேள்வி. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாதவர் எழுதிய வாசகத்துக்குப் பொதுவாக எழுதியவரே உரிமையாளர். அதை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனி வாடிக்கையாளருக்குக் கேட்லாக் அனுப்பும் நிறுவனத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ‘உலகம் முழுவதும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் வரை’ என்று எழுதிவிட வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது கணக்குகளில்தான். டொமைன் ஆலோசகரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். விளம்பரக் கணக்கின் ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாலும் உள்ளே நுழைய முடியாது. முதலில் நிறுவனத்தின் மின்னஞ்சலை உரிமையாளராகச் சேர்த்து, ஓ.டி.பி. எண்ணை மாற்றிய பிறகே ஆலோசகர் தன் பெயரை நீக்க வேண்டும். வரிசை மாறினால் இருவருமே வெளியே நிற்க நேரும். எல்லாம் சரியாகக் கைமாறியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே, ஆலோசகரின் உதவியின்றி அலுவலகத்தில் ஒருவர் இணையதளத்தில் ஒரு விலையை மாற்றி, டொமைன் கணக்கைத் திறந்து புதுப்பிக்கும் தேதியைப் படித்துச் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாரோ, அது இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. அதைச் சரிசெய்ய மீதி ஒரு வாரம் கையில் இருக்கும்.