நான்கு அங்குலக் கரையும் எட்டுப் புள்ளிக் கட்டமும்

இணையக் கடையில் காஞ்சிபுரம் சேலையைப் பெரும்பாலும் மடித்தபடிதான் படம் எடுத்துப் போடுகிறார்கள். முந்தி ஒரு பக்கம் விரிந்திருக்கும், கீழே கரை தெரியும், உடல் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். அந்த ஒரு படத்தைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவு வரையும் மாடல் பெண்ணுக்கு அதை உடுத்திவிடச் சொன்னால், வருவது ஏதோ ஒரு பட்டுச்சேலை. கடையில் இருக்கும் சேலை அல்ல.

முதலில் கெடுவது கரைதான். ஐந்தடி நான்கங்குலப் பெண் 1024 புள்ளி உயரப் படத்தில் தலை முதல் கால் வரை நின்றால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 15 புள்ளிகள் கிடைக்கும். நான்கங்குலக் கரைக்கு 60. இது தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருள்கள் படத்தைப் புள்ளிபுள்ளியாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளை ஒரே கட்டமாகச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கட்டங்களில்தான் வேலை செய்கின்றன. அப்படிப் பார்த்தால் கரைக்கு ஏழெட்டுக் கட்டம் மிஞ்சும். கரையிலிருந்து உடலுக்குள் ஏறும் அரையங்குலக் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்கூட முழுதாக இல்லை. முக்கோணங்கள் மழுங்கி அலையாவது இதனால்தான். மயில் புட்டா வெறும் பொட்டாவதும் அப்படியே.

இந்த இழப்பை மென்பொருளுக்கு எழுதிக்கொடுக்கும் எந்த விவரிப்பும் முழுதாக ஈடுகட்டாது. முழு உருவத்தை வரைந்தபின், கரைப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, கடைப் படத்தின் நெருக்கக் காட்சியோடு மறுபடி வரையச் சொல்ல வேண்டும். மற்றதை விவரிப்பு பார்த்துக்கொள்ளும்.

"பாரம்பரியமான அழகிய பட்டுச்சேலை" என்று எழுதினால் மென்பொருள் தான் அதிகம் பார்த்த சேலையை வரைந்துவிடும். வெறும் "பட்டு" என்றால் பல சமயம் சாட்டின் மாதிரி வழுவழுப்பாக உடம்போடு ஒட்டிய துணி வரும். நான் எழுதுவது இப்படி: "அரக்கு உடல். மயில்கழுத்து நிறக் கரை; அதன் உயரம், முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ளதில் கால் பங்கு. இரு நிறமும் கலக்காமல் நேராகப் பிரிகின்றன. கனமான, விறைப்பான துணி. கொசுவம் அகலமாக, உடம்பைவிட்டு விலகி நிற்கிறது. முந்தி இடத் தோளில்." அளவை அங்குலத்தில் சொல்வதைவிட உடம்பை வைத்துச் சொன்னால் பிழை குறைகிறது.

மேல் கரை சின்னதா, கீழ்க்கரைக்குச் சமமா என்பது மடித்த படத்தில் தெரியாது. அதை ஊகிக்கக் கூடாது. விரித்த படம் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

வந்த படத்தைச் சோதிக்கக் கொசுவத்தைப் பாருங்கள். நிஜச் சேலையில் புட்டா மடிப்புக்குள் பாதி மறையும், கரை மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கும். எல்லாப் புட்டாவும் முழுதாக நம்மைப் பார்த்துச் சம இடைவெளியில் நின்றால், துணி மடியவே இல்லை. மடிப்பின் நிழல்மேல் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. வாங்குபவருக்கு அந்தப் படத்தைக் காட்டாதீர்கள்.